படலம் தடித்தால் இழுவை குறையுமா?

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள வழவழப்பான பலகை ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில், காற்று ஓடும் திசைக்கு இணையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காற்று விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது. நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம் அது, மணிக்கு 54 கிலோமீட்டர். பலகை காற்றுக்குக் குறுக்கே நிற்கவில்லை. காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டுதான் போகிறது. அப்படியிருந்தும் பலகையின் மேற்பரப்பைக் காற்று கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். எவ்வளவு இழுக்கும்?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. 18 கிராம் எடைக்குச் சமமான இழுவை என்பது ஒன்று. 64 கிராம் என்பது இன்னொன்று. பலகை மாறவில்லை, காற்று மாறவில்லை, வேகமும் மாறவில்லை. பலகையை ஒட்டிய சில மில்லிமீட்டருக்குள் காற்று எந்த மாதிரி ஓடுகிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. காற்று ஒழுங்கான அடுக்குகளாக ஓடினால் 18. கலைந்து, குழம்பி, சுழன்று ஓடினால் 64. பள்ளிப் பாடநூல் முதல் வகையை வரிச்சீர் ஓட்டம் என்றும் அடுத்ததைச் சுழற்சி ஓட்டம் என்றும் சொல்கிறது. பொறியியல் கல்லூரிக்குப் போனால் லேமினார், டர்புலென்ட் என்பார்கள்.

ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அந்தப் பரப்போடு ஒட்டிக்கொள்கிறது. வேகமாகச் சுற்றும் மின்விசிறியின் இறக்கையில் மெல்லிய தூசி படிந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இறக்கையைத் தொடும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுவதால் தூசியைப் பெயர்க்கும் வேகம் அங்கே இல்லை. நம் பலகையிலும் அப்படித்தான். பரப்பில் காற்றின் வேகம் பூஜ்யம். கொஞ்சம் மேலே போனால் முழு 15 மீட்டர். பூஜ்யத்திலிருந்து 15 வரை வேகம் ஏறுகிற அந்த மெல்லிய பகுதிதான் எல்லைப் படலம்.

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் ஜெர்மானியரான லுட்விக் பிராண்டல். 1904 ஆகஸ்டில் ஹைடல்பர்க் நகரில் நடந்த கணித மாநாட்டில், 29 வயதில், ஒரு சிறிய கட்டுரை வாசித்தார். அதுவரை கணித அறிஞர்கள் காற்றுக்குப் பாகுநிலையே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் பொருள்மேல் இழுவையே இல்லை என்று விடை வந்தது. பாகுநிலையைச் சேர்த்தாலோ சமன்பாடு தீராது. பிராண்டல் ஓட்டத்தை இரண்டாகப் பிரித்தார். பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் பாகுநிலையைக் கணக்கில் எடுங்கள், அதற்கு வெளியே அதை மறந்துவிடுங்கள் என்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1908-இல், அவருடைய மாணவர் பிளாசியஸ் தட்டையான பலகைக்கு அந்தக் கணக்கை முழுவதுமாகப் போட்டுக் காட்டினார். வரிச்சீர் ஓட்டத்துக்கு இன்றும் நாம் பயன்படுத்துவது அவர் தந்த விடையைத்தான்.

அந்த விடையில் ரெனால்ட்ஸ் எண் என்ற ஒரே ஒரு எண் தேவைப்படுகிறது. காற்றின் வேகத்தைப் பலகையின் முன்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் அது கிடைக்கும். நம் பலகையில் கணக்கு வசதியாக அமைகிறது. முன்விளிம்பிலிருந்து 1 மீட்டரில் ரெனால்ட்ஸ் எண் 10 லட்சம். 10 சென்டிமீட்டரில் 1 லட்சம். படலத்தின் தடிமனை δ என்றும், முன்விளிம்பிலிருந்து தூரத்தை x என்றும் குறித்தால் பிளாசியஸின் விடை இது:

δ = 5x / √Re

10 சென்டிமீட்டரில் தடிமன் 1.6 மில்லிமீட்டர். 40 சென்டிமீட்டரில் 3.2 மில்லிமீட்டர். தூரம் நான்கு மடங்கு ஆனால் தடிமன் இரண்டு மடங்கு. ஒரு மீட்டர் முடிவில் 5 மில்லிமீட்டர். பென்சில் தடிமனைவிடக் குறைவு.

இந்தத் தடிமன் என்பது கத்தி வைத்து வெட்டியது போன்ற எல்லை கிடையாது. வேகம் முழு அளவைப் படிப்படியாக நெருங்கும், தொடுவதே இல்லை. அதனால் 99 சதவீதம் எட்டிய இடத்தைப் படலத்தின் மேல்விளிம்பு என்று ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறோம். அளப்பவருக்கு இது தொல்லை பிடித்த இடம். அங்கே வேகம் மிக மெதுவாக மாறுவதால், வேக அளவீட்டில் அரை சதவீதம் பிசகினாலும் தடிமன் வெகுதூரம் தள்ளிப் போய்விடும்.

இனி இழுவைக்கு வருவோம். பலகையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் காற்று எவ்வளவு விசையோடு உரசி இழுக்கிறது என்பதைச் சுவர்த் தகைவு என்று சொல்லலாம். அதன் அளவு பாஸ்கலில். அதைத் தீர்மானிப்பவை இரண்டே. ஒன்று காற்றின் பாகுநிலை. மற்றது, பரப்பிலிருந்து கிளம்பிய உடனே வேகம் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்ற சரிவு. வரிச்சீர் ஓட்டத்தில் முன்விளிம்பை ஒட்டிப் படலம் மெல்லிசாக இருக்கிறது. 15 மீட்டர் வேகமும் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் ஏறியாக வேண்டும். ஆகவே சரிவு செங்குத்து, தகைவு அதிகம். 10 சென்டிமீட்டரில் 0.28 பாஸ்கல். 40 சென்டிமீட்டரில் படலம் இருமடங்கு தடித்துவிட, தகைவு பாதியாகி 0.14. ஒரு மீட்டரில் 0.09. படலம் தடிக்கத் தடிக்க இழுவை தளர்கிறது. இதுவரை நம் உள்ளுணர்வுக்கு ஒத்துப்போகிறது.

அதே ஒரு மீட்டர் இடத்தில், முன்விளிம்பிலிருந்தே சுழற்சி ஓட்டமாக இருந்தால் என்ன ஆகும்? அதற்குப் பரிசோதனைகளை வைத்துத் தேற்றிய சூத்திரம் உண்டு:

δ = 0.37x / Re^(1/5)

இதன்படி படலத்தின் தடிமன் 23 மில்லிமீட்டர், வரிச்சீர் ஓட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல். படலம் இவ்வளவு தடித்திருக்கிறதே, தகைவு நாலில் ஒரு பங்காகக் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்கும் சோதனையும் 0.50 பாஸ்கல் என்கின்றன. குறையவில்லை, ஐந்தரை மடங்கு கூடியிருக்கிறது. முதன்முறை படிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்து தேர்வில் தப்பிவிடலாம். தடுமாற்றம் மட்டும் தீராது.

பால் ஆறுவதை நினைத்துப் பாருங்கள். சூடான பாலை டம்ளரில் அப்படியே வைத்தால் மேற்பரப்பு மட்டும் ஆறும், உள்ளே இருக்கிற சூடு மெல்ல மெல்லத்தான் மேலே வரும். டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி ஆற்றினால் உள்ளே இருந்த சூடான பால் திரும்பத் திரும்ப வெளியே வந்து காற்றைத் தொடுகிறது, நிமிடத்தில் ஆறிவிடுகிறது. வரிச்சீர் ஓட்டத்தில் மேலே ஓடும் காற்றின் வேகம் கீழே இறங்குவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதிக் கடத்துவதால் மட்டும்தான். அது மெதுவான வேலை. சுழற்சி ஓட்டத்தில் சிறிதும் பெரிதுமான சுழல்கள் மேலே உள்ள வேகமான காற்றை அள்ளிக் கீழே கொண்டுவந்து கொட்டுகின்றன; கீழே உள்ள மந்தமான காற்றை மேலே தூக்கிப் போகின்றன.

இதனால் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மந்தமான காற்று வெகுதூரம் மேலே போவதால் படலத்தின் மேல்விளிம்பு உயர்கிறது, தடிமன் கூடுகிறது. வேகமான காற்று பரப்புக்கு மிக அருகிலேயே வந்துவிடுவதால் பரப்பை ஒட்டிய சரிவு செங்குத்தாகிறது, தகைவு கூடுகிறது. தடிமன் மேல்விளிம்பைப் பற்றிய செய்தி, தகைவு கீழ்விளிம்பைப் பற்றிய செய்தி. வரிச்சீர் ஓட்டத்தில் வேகம் ஏறும் வளைவு எல்லா இடத்திலும் ஒரே வடிவம் என்பதால் ஒன்றைச் சொன்னால் மற்றது தெரிந்துவிடும். சுழற்சி ஓட்டத்தில் வடிவமே வேறு. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் இடையே தடிமனை வைத்துத் தகைவை ஊகிப்பது செல்லாது.

எண்களில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஒரு மீட்டர் இடத்தில் பரப்பிலிருந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறோம், ஒரு தாளின் தடிமன் அளவு. வரிச்சீர் ஓட்டமானால் அங்கே காற்றின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். சுழற்சி ஓட்டமானால் 2.8 மீட்டர். 0.7 மில்லிமீட்டருக்கு ஏறினால் வரிச்சீர் ஓட்டத்தில் 3.5 மீட்டர்; சுழற்சி ஓட்டத்தில் 8 மீட்டரைத் தாண்டிவிடும். 23 மில்லிமீட்டர் தடித்த படலத்தில், முதல் 0.7 மில்லிமீட்டருக்குள்ளேயே பாதி வேகத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. மீதிப் பாதி ஏற 22 மில்லிமீட்டர் எடுத்துக்கொள்கிறது.

சுழற்சி ஓட்டத்திலும் பரப்பை ஒட்டி மிக மெல்லிய ஒரு பகுதியில் சுழல்களுக்கு இடமில்லை. சுவர் இருக்கிறதே, அதற்குள் புகுந்து சுழல முடியாது. அங்கே பாகுநிலைதான் ராஜா. இதற்குப் பாகுநிலை உள்படலம் என்று பெயர். நம் பலகையில் அதன் தடிமன் சுமார் 0.12 மில்லிமீட்டர். 23 மில்லிமீட்டரில் அது அரை சதவீதம்தான், ஆனால் 64 கிராம் இழுவை முழுவதும் அதன் வழியாகத்தான் பலகைக்கு வந்து சேர்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று இதிலிருந்துதான் வருகிறது. மெல்லிய பிட்டோ குழாயைப் பரப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வோர் உயரத்திலும் காற்றின் வேகத்தை எடுப்பார்கள். குழாய்க்கே தடிமன் இருப்பதால் முதல் அளவு சுமார் அரை மில்லிமீட்டரில்தான் கிடைக்கும். அந்தப் புள்ளியையும் பரப்பில் உள்ள பூஜ்யத்தையும் நேர்கோட்டால் இணைத்து, அதன் சரிவைப் பாகுநிலையால் பெருக்கினால் சுவர்த் தகைவு வந்துவிடும் என்று எழுதுவார்கள். வரிச்சீர் ஓட்டத்துக்கு அது சரி. அங்கே பரப்பை ஒட்டிய பகுதி ஏறக்குறைய நேர்கோடுதான். சுழற்சி ஓட்டத்தில் அரை மில்லிமீட்டர் என்பது உள்படலத்தைத் தாண்டி வெகுதூரம். அங்கே வேகம் 8 மீட்டரை ஒட்டி இருக்கும். கோடு போட்டால் 0.28 பாஸ்கல் என்று விடை வரும். உண்மை 0.50. ஏறக்குறைய பாதி காணாமல் போயிருக்கிறது, எந்தக் கருவியும் பழுதாகவில்லை.

இதைத் தவிர்க்க இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெஸ்டன் 1954-இல் ஓர் எளிய வழி சொன்னார். குழாயை உயர்த்தவே வேண்டாம். சிறிய வட்டக் குழாயைப் பரப்பின் மேலேயே கிடத்தி, அதன் வாயில் விழும் அழுத்தத்தை மட்டும் எடுங்கள். பரப்பை ஒட்டிய காற்றின் நடத்தை எல்லாச் சுழற்சிப் படலங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால், அந்த அழுத்தத்துக்கும் சுவர்த் தகைவுக்கும் நிலையான உறவு உண்டு. அந்த உறவை நீண்ட உருளைக் குழாய் ஒன்றில் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே சுவர்த் தகைவை அழுத்த வீழ்ச்சியிலிருந்தே நேராகக் கணக்கிட முடியும். ஒரே நிபந்தனை, படலம் உண்மையிலேயே சுழற்சிப் படலமாக இருக்க வேண்டும். வரிச்சீர் ஓட்டத்தில் பிரெஸ்டன் குழாயை வைத்தால் அதுவும் ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது.

ஆக எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டியது, ஓட்டம் எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுகிறது என்பது. பாடப்புத்தகம் ரெனால்ட்ஸ் எண் 5 லட்சம் என்று சொல்லும். நம் பலகையில் அது சரியாகப் பாதி வழியில், 50 சென்டிமீட்டரில் வரும். அப்படி மாறினால் மொத்த இழுவை 18-உம் இல்லை, 64-உம் இல்லை, சுமார் 40 கிராம். முன்பாதி 13 கிராம் தருகிறது, பின்பாதி 27. பின்பாதியும் வரிச்சீராகவே இருந்திருந்தால் அதன் பங்கு வெறும் 5 கிராம்தான்.

அந்த 5 லட்சத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ஷூபாவரும் ஸ்கிராம்ஸ்டாடும் மிக அமைதியான காற்றுச் சுரங்கம் ஒன்றில் தட்டையான பலகையைச் சோதித்தார்கள். வரும் காற்றில் இருக்கும் சிறு குலுக்கலைச் சலித்துச் சலித்துக் குறைத்தபோது, மாற்றம் தொடங்கும் ரெனால்ட்ஸ் எண் 28 லட்சம் வரை தள்ளிப் போயிற்று. நம் வேகத்தில் அது முன்விளிம்பிலிருந்து 2.8 மீட்டர். அதாவது நம் ஒரு மீட்டர் பலகை முழுவதும் வரிச்சீராகவே இருந்துவிடும். படலத்துக்குள் மெல்லிய அலைகள் தோன்றி, வளர்ந்து, உடைந்துதான் சுழற்சி பிறக்கிறது என்பதையும் அவர்கள் சூடேற்றிய நுண்கம்பியால் அளந்து காட்டினார்கள். ஜெர்மனியில் டோல்மீனும் ஷ்லிஷ்டிங்கும் அந்த அலைகளைக் கணக்கில் முன்னரே கண்டிருந்தார்கள். அலைகளைச் சோதனையில் பார்த்தவர் இல்லாததால் பலரும் நம்பாமல் இருந்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முன்விளிம்புக்கு அருகே ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், மாற்றம் அங்கேயே தொடங்கிவிடும். இதைக் கண்ணால் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பாச்சை உருண்டை செய்யும் நாப்தலீனைச் சீக்கிரம் ஆவியாகும் திரவம் ஒன்றில் கரைத்துக் கறுப்புப் பலகையில் தெளிப்பார்கள். திரவம் உலர்ந்ததும் பலகை வெள்ளைப் பூச்சு பூசியதுபோல் இருக்கும். காற்றைத் திறந்துவிட்டுக் காத்திருந்தால், சுழற்சி ஓட்டம் உள்ள இடத்தில் நாப்தலீன் விரைவாக ஆவியாகிக் கறுப்பு தெரியத் தொடங்கும். வரிச்சீர் ஓட்டம் உள்ள இடம் வெள்ளையாகவே நிற்கும். பரப்பை இழுக்கும் அதே கலக்கம்தான் ஆவியையும் அள்ளிக்கொண்டு போகிறது. பலகையின் பின்பகுதி கறுத்துக்கொண்டு வரும்போதே, முன்னால் எங்கோ ஒரு துகளின் நுனியிலிருந்து புறப்பட்டு, பின்னே போகப் போக அகன்றுகொண்டே செல்லும் கறுப்பு முக்கோணம் ஒன்று வெள்ளையைக் கிழித்துக்கொண்டு தோன்றும். அந்த முக்கோணத்துக்குள் இழுவை பல மடங்கு. அதோடு, முன்விளிம்பை ஒட்டியே ஒரு மெல்லிய கீற்றும் கறுத்திருக்கும். அது சுழற்சியால் வந்ததில்லை. படலம் அங்கே மிக மெல்லிசு, தகைவு அதிகம், அதனால் ஆவியாவதும் வேகம். கீற்றையும் முக்கோணத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பலகையைப் படிக்க முடியும்.

கப்பல் கட்டுபவர்களுக்கு இந்த மாற்றம் எங்கே நடக்கிறது என்பது பணப் பிரச்சினை. 100 மீட்டர் நீளக் கப்பல் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போனால் ரெனால்ட்ஸ் எண் 70 கோடி. அதில் 5 லட்சம் என்பது முன்முனையில் ஒரு சாண்கூட இல்லை. உடல் முழுவதும் சுழற்சி ஓட்டம்தான். அதே கப்பலின் 4 மீட்டர் மாதிரியைச் சோதனைத் தொட்டியில் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் இழுத்தால் முதல் 40 சென்டிமீட்டர் வரிச்சீராக ஓடக்கூடும், தண்ணீர் அமைதியாக இருந்தால் இன்னும் அதிகம். மாதிரியின் இழுவை குறைவாக அளக்கப்படும். அதை நம்பி எஞ்சின் வாங்கினால் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாது. அதனால்தான் மாதிரியின் முன்பகுதியில் வேண்டுமென்றே சிறு முளைகளை வரிசையாக அடிக்கிறார்கள், அல்லது மணல் பட்டை ஒட்டுகிறார்கள். ஓட்டத்தை அங்கேயே கலைத்துவிட்டால், அதன்பின் அளப்பது எல்லாம் ஒரே வகை.

பட்டை ஒட்டியதால் மட்டும் வேலை முடிந்துவிடாது. பட்டை மிக மெல்லிசாக இருந்தால் ஓட்டம் கலையாது. மிகத் தடித்திருந்தால் பட்டையே தனியாக ஓர் இழுவையைச் சேர்க்கும். கலைந்ததா என்று பார்க்க எளிதான வழி, வேக வளைவின் வடிவத்தைப் பார்ப்பது. படலத்தால் ஓட்டம் எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்ற ஒரு தடிமனையும், எவ்வளவு உந்தம் இழக்கப்படுகிறது என்ற இன்னொரு தடிமனையும் அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். தட்டையான பலகையில் வரிச்சீர் ஓட்டமானால் விடை 2.6-ஐ ஒட்டி வரும். நன்றாகச் சுழற்சியானால் 1.4-ஐ ஒட்டி வரும். இடையில் 2 என்று வந்தால் நீங்கள் மாற்றம் நடந்துகொண்டிருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள், இரண்டு சூத்திரங்களில் எதுவும் அங்கே பொருந்தாது.

இத்தனையும் தட்டையான பலகைக்கு, அதுவும் வழவழப்பான, காற்றழுத்தம் நெடுக ஒரே அளவாக இருக்கும் பலகைக்கு மட்டுமே. பரப்பு வளைந்தால், அழுத்தம் ஏறினால் இறங்கினால், கணக்கு மாறும். ஐந்தில் ஒன்று அடுக்கு வரும் சூத்திரமும் ரெனால்ட்ஸ் எண் ஒரு கோடியைத் தாண்டினால் மெல்ல விலகத் தொடங்கும். கப்பல்களுக்கு வேறு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் இந்தச் சோதனையைச் செய்யும் மாணவர்களுக்கும் செய்யச் சொல்லும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பதிவேட்டில் காற்றின் வேகத்தையும் தடிமனையும் தகைவையும் எழுதுகிறீர்கள். அவற்றுக்குப் பக்கத்தில், அளந்த இடத்தில் ஓட்டம் எந்த வகை, அதை எப்படி உறுதி செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் 18 கிராம், 64 கிராம் இரண்டையும் அதே பலகைக்குச் சரியான விடை என்று யாரும் வாதாடலாம்.